போன வருசம் இதே நாள்

2023 ஜூன் மாதம் யாழ்ப்பாணக் குடாநாட்டில் நிறையப்பேரின் கைபேசியில் கிட்டத்தட்ட ஒரே மாதிரியான படங்கள் மேலே வந்தன. பெற்றோல் செட் வாசலில் தொடங்கிச் சந்தி தாண்டி வளைந்து போகும் மோட்டார் சைக்கிள் வரிசை. ஓட்டோவின் பின்சீற்றில் கால் நீட்டி நித்திரை கொள்ளும் ஒருவர். மண்ணெண்ணெய்க் கானை நிழலில் வைத்துவிட்டுத் தான் வெயிலில் நிற்கும் ஒரு அம்மா. எல்லாம் 2022 ஜூனில் எடுத்தவை. சரியாக ஒரு வருடம் கழித்து முகநூல் அவற்றைத் தூக்கி, "உங்கள் நினைவு" என்று காட்டியது. பார்த்தவர்கள் பகிர்ந்தார்கள். பகிரும்போது படத்துக்கு மேலே ஒரு வரி எழுதினார்கள். அன்றைய நான் எப்படி, இன்றைய நான் எப்படி என்று ஒப்பிடும் அந்த வரியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. அந்த நாட்கள் எனக்குப் பாடம் புகட்டின, அன்று உடைந்து நின்றேன், இன்று நிமிர்ந்து நிற்கிறேன், காலம் எல்லாவற்றையும் மாற்றும். இந்த வரிகளைக் கழற்றிக் கலியாணப் படத்துக்கு மேலே வைத்தாலும் பொருந்தும், கால் முறிந்து கட்டுப் போட்ட படத்துக்கு மேலே வைத்தாலும் பொருந்தும். எங்கும் பொருந்துகிற வரி அந்தப் படத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். வரிசை இருந்தது என்பதைப் படமே காட்டிவிடுகிறது. எத்தனை மணி நேரம் நின்றார், எத்தனை லீற்றர் கிடைத்தது, என்ன விலை, அன்றைக்கு எந்த வேலை கெட்டது என்பவற்றைப் படம் காட்டாது. படக்குறிப்பு என்று ஒன்று இருப்பதே அவற்றுக்காகத்தான்.

சிரித்துக்கொண்டு நின்றவர்

ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். இது ஒருவருடைய கதையல்ல, அந்த நாட்களில் பலரிடம் கண்டதை வைத்து நான் கட்டிய உதாரணம். கோண்டாவில் பக்கத்து ஓட்டோச் சாரதி, முப்பது வயதுக்குள். ஓட்டோ லீசிங்கில் எடுத்தது. 2022 ஜூன் 22, புதன்கிழமை, வரிசையில் நின்றபடி தன்னைத் தானே படம் பிடித்துப் போடுகிறார். பின்னால் ஓட்டோக்களின் முதுகுகள். மேலே இப்படி எழுதுகிறார்: "ரெண்டாம் நாள். பவுசர் இன்னும் வரேல்லை. சிரிச்சுக்கொண்டுதான் நிக்கிறம்."

கீழே கருத்துகள் வருகின்றன. ஒரு கூட்டாளி கேட்கிறான்: "மச்சான், எந்தச் செட்?" இவர் பதில்: "சொன்னா நீயும் வந்து நிப்பாய்." கனடாவில் இருக்கும் ஒரு மாமி: "தம்பி, சாப்பிட்டியோ?" பதில்: "ஓம் மாமி, முன்னுக்கு நிக்கிற அண்ணை பணிஸ் தந்தவர்."

ஒரு வருடம் போகிறது. 2023 ஜூன் 22 காலையில் படம் மேலே வருகிறது. அவர் பகிர்கிறார், புதிதாக எழுதுகிறார்: "போன வருசம் இதே நாள் நம்பிக்கை எல்லாம் போய் அழுதுகொண்டு நிண்டனான். இண்டைக்கு அதை நினைச்சாச் சிரிப்பு வருது."

பிரச்சினை இங்கேதான். அழுதுகொண்டு நின்றதாக மேலே எழுதியிருக்கிறது. சிரித்துக்கொண்டு நிற்பதாக அதற்கு நேர் கீழே, ஒரு வருடத்துக்கு முன் அதே கையால் எழுதியிருக்கிறது. முகநூலில் நினைவைப் பகிரும்போது பழைய பதிவு புதிய வரிக்குக் கீழே அப்படியே ஒட்டிக்கொண்டு வரும். ஆகவே இரண்டு சாட்சிகளும் ஒரே பக்கத்தில் நிற்கின்றன. எழுதியவர் கவனிக்கவில்லை. வாசித்தவர்களும் கவனிக்கவில்லை, நெஞ்சுருக்கும் இலச்சினை போட்டுவிட்டுப் போனார்கள்.

அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு உண்மையாகவே அப்படித்தான் ஞாபகம். ஞாபகம் ஏன் அப்படித் திரும்புகிறது என்பதைக் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தோடு தொடர்புடைய மைக்கேல் கான்வே, மைக்கேல் ராஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1984இல் வெளியிட்ட ஓர் ஆய்வு நன்றாகக் காட்டுகிறது. மாணவர்களுக்குப் படிக்கும் திறனை வளர்க்கும் வகுப்பு ஒன்றை நடத்தினார்கள். தொடங்கும் முன் ஒவ்வொரு மாணவரும் தன் திறனுக்குத் தானே புள்ளி போட்டார். வகுப்பு முடிந்த பிறகு, "முதல் நாள் உங்களுக்கு நீங்கள் எத்தனை புள்ளி போட்டீர்கள், ஞாபகப்படுத்திச் சொல்லுங்கள்" என்று கேட்டார்கள். வகுப்பில் இருந்தவர்கள் அன்று போட்டதைவிடக் குறைவாகச் சொன்னார்கள். வகுப்பில் இடம் கிடைக்காமல் காத்திருந்த மாணவர்களிடம் அந்தச் சாய்வு இல்லை. பரீட்சைப் பெறுபேற்றைப் பார்த்தால் வகுப்பால் பெரிய பலன் ஒன்றும் இல்லை. அப்படியிருந்தும் வகுப்புக்குப் போனவர்கள் தாங்கள் முன்னேறிவிட்டதாக நம்பினார்கள். இன்றைய புள்ளியை உயர்த்த முடியாதபோது, நேற்றைய புள்ளியை இறக்கிவிட்டால் இடைவெளி கிடைத்துவிடுகிறது.

பின்னர் ராஸ், அன் வில்சனோடு சேர்ந்து 2001இல் இதையே விரித்தார். மனிதர் தம் பழைய உருவத்தைச் சற்று மட்டம் தட்டித்தான் நினைவில் வைக்கிறார்கள், அதனால் இன்றைய உருவம் தானாகவே உயர்ந்து தெரிகிறது என்பது அவர்கள் கண்டது. நம் ஓட்டோக்காரர் செய்ததும் அதுதான். கஷ்டத்தைத் தாண்டி வந்ததாகச் சொல்ல வேண்டுமென்றால் கஷ்டத்தில் விழுந்து கிடந்த ஒருவர் வேண்டும். பணிஸைப் பங்கு போட்டுத் தின்றுகொண்டு பகிடி விட்ட ஆளை வைத்து அந்தக் கதையைச் சொல்ல முடியாது. ஆகவே அந்த ஆள் அழிக்கப்பட்டு, அவர் இடத்தில் அழுகிற ஒருவர் நிறுத்தப்படுகிறார். நின்ற மனிதருக்கு இது அநியாயம் என்றுதான் எனக்குப் படுகிறது. இரண்டு நாள் வரிசையில் சிரித்துக்கொண்டு நிற்கச் சும்மா முடியாது.

அதற்காகப் பழைய பதிவில் உள்ளதுதான் முழு உண்மை என்றும் சொல்ல முடியாது. "சிரிச்சுக்கொண்டுதான் நிக்கிறம்" என்பதில் உள்ள "தான்" கொஞ்சம் அழுத்தமாகவே விழுந்திருக்கிறது. முகநூலில் ஊருக்குக் காட்டிய முகம் ஒன்று, அன்று பின்னேரம் வீட்டுக்குப் போன் எடுத்துச் சொன்னது இன்னொன்றாக இருக்கலாம். அதனால் பழைய பதிவோடு நிற்காமல் அதே நாளில் விழுந்த மற்றச் சுவடுகளையும் பார்க்க வேண்டும். மனைவிக்கு அனுப்பிய வட்ஸ்அப் செய்தி, குரல் பதிவு, அன்றைய அழைப்புகள், லீசிங் தவணை பிந்தியதற்கு வந்த குறுஞ்செய்தி. ஒரு வருடம் கழித்து நாம் சொல்கிற எதையும்விட இவை நம்பத்தக்கவை. காரணம், அடுத்த வருடம் எப்படி முடியும் என்று தெரியாத ஒருவர் எழுதியவை இவை.

பழைய பதிவின் வாசகம் இடையில் மாற்றப்பட்டிருக்கவும் கூடும். பதிவின் மூலையில் உள்ள மூன்று புள்ளியைத் தொட்டால் திருத்த வரலாறு வரும். முதலில் என்ன எழுதினார், எப்போது மாற்றினார் என்பது அதில் தெரியும். கருத்துகளையும் முழுதாக விரித்து வாசிக்க வேண்டும். பணிஸ் தந்த அண்ணை கருத்துகளில்தான் இருந்தார். படத்திலும் இல்லை, மேல் வரியிலும் இல்லை.

420, 318, 177

அன்று, இன்று என்று ஒப்பிடும்போது இன்னொரு பொறி உண்டு. அது ஞாபகத்தின் பொறி அல்ல, கணக்கின் பொறி.

இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தின் 92 ஒக்டேன் பெற்றோல் 2022 தொடக்கத்தில் லீற்றர் 177 ரூபா. மார்ச்சில் 254, ஏப்ரலில் 338, மே 24இல் 420. ஜூன் 26இல் 470 வரை போனது. நம் ஓட்டோக்காரர் படம் போட்ட ஜூன் 22இல் விலை 420. ஒரு வருடம் கழித்து அதே நாளில் 318. ஐந்து லீற்றர் அடித்தால் அன்று 2,100 ரூபா, ஒரு வருடம் கழித்து 1,590 ரூபா. "போன வருசத்தை விட இப்ப பரவாயில்லை" என்று அவர் எழுதினால் கணக்குப் பிழையில்லை. ஆனால் அதே ஐந்து லீற்றருக்கு 2022 தொடக்கத்தில் அவர் கொடுத்தது 885 ரூபா. அந்தப் புள்ளியிலிருந்து பார்த்தால் விலை கிட்டத்தட்ட இரு மடங்கு.

முகநூல் ஒப்பிடுவதற்குத் தெரிவு செய்து கொடுத்த நாள் நெருக்கடியின் உச்சி. உச்சியோடு ஒப்பிட்டால் எதுவும் இறக்கமாகத்தான் தெரியும். பணவீக்கக் கணக்கிலும் இதே கதைதான் நடந்தது. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 2022 ஜூனில் 54.6 சதவீதம், 2023 ஜூனில் 12 சதவீதம். இதைப் பார்த்துச் சாமான் விலை இறங்கிவிட்டது என்று எழுதியவர்கள் உண்டு. இறங்கவில்லை. ஏற்கெனவே ஒன்றரை மடங்காகிவிட்ட விலைக்கு மேல் இன்னும் 12 சதவீதம் ஏறியது என்பதுதான் அதன் பொருள். ஏற்றத்தின் வேகம் குறைந்தது, அவ்வளவே.

ஏன் அந்த நாள் தெரிவானது என்றும் கேட்க வேண்டும். 2021 ஜூன் 22இல் அவர் ஒரு படமும் போட்டிருக்க மாட்டார். பெற்றோல் அடிப்பதை யார் படம் எடுக்கிறார்கள்? சாதாரண நாளுக்குப் பதிவு கிடையாது. பதிவு இல்லாததால் அது நினைவாகத் திரும்பி வராது. திரும்பி வராததால் ஒப்பிடவும் படாது. ஆகவே ஒருவரின் நினைவுப் படங்களை மட்டும் வைத்து அவர் வாழ்க்கையை அளந்தால், கலியாணமும் செத்தவீடும் கியூவும் கோயில் தேரும் மட்டுமே இருக்கும். ஓடித் திரிந்து உழைத்த நாட்கள் இருக்காது. படக்குறிப்பில் மூன்றாவது ஒரு புள்ளியையும் சேர்க்கச் சொல்வது இதனால்தான். வரிசைக்கு முந்திய சாதாரண நாளின் விலை 177 என்று ஒரு சொல் விழுந்தால் போதும், கதை நேராகிவிடும்.

வரிசை போனதற்கும் ஒரு விலை இருந்தது என்பதையும் சேர்த்தால் இன்னும் நல்லது. 2022 ஜூலையில் கியூ.ஆர். பதிவு தொடங்கியது. முதலில் வாரத்துக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5, காருக்கு 20. ஐந்து லீற்றரில் ஓட்டோவை இரண்டு நாள் ஓட்டலாம், மிச்ச ஐந்து நாளும் நிறுத்தி வைக்கலாம். வரிசை குறைந்ததில் எண்ணெய் வந்ததற்கு ஒரு பங்கு என்றால், ஓடுவது குறைந்ததற்கும் ஒரு பங்கு. மண்ணெண்ணெய் அதே வருடம் ஓகஸ்டில் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்குப் போனது. பருத்தித்துறையிலும் குருநகரிலும் சிறிய படகில் தொழிலுக்குப் போகிறவர்களுக்கு மண்ணெண்ணெய்தான் எரிபொருள். அவர்களுக்குக் கான் தூக்கிக்கொண்டு நின்ற தொல்லை போய், காசு தேடும் தொல்லை வந்தது. மின்சாரமும் அப்படியே. 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கரண்ட் இல்லை. 2023 பெப்ரவரி நடுவில் அன்றாட மின்வெட்டு நின்றது. அதற்குள் கட்டணம் 2022 ஓகஸ்டில் சராசரி 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் 66 சதவீதமும் ஏறியிருந்தது. மெழுகுதிரியோடு இருந்த படத்தைப் பகிர்ந்து "இருள் நீங்கியது" என்று எழுதியவர் பக்கத்தில் மின் பட்டியலையும் வைத்திருந்தால் வாசிக்கிறவர்களுக்கு விளங்கியிருக்கும்.

திதி வெண்பா சொல்லித் தருவது

ஒரு வருடம் கழித்து ஒருவரை நினைத்து எழுதுவது யாழ்ப்பாணத்துக்குப் புதிதல்ல. செத்தவீட்டுக்கு 31ஆம் நாள் அந்தியேட்டிக்குக் கல்வெட்டு அடிப்பதும், ஆட்டைத் திவசத்துக்குப் பத்திரிகையில் நினைவஞ்சலி போடுவதும் தலைமுறைகளாக நடப்பவை. பழைய கல்வெட்டு ஒன்றைத் திறந்தால் தொடக்கத்திலேயே திதி வெண்பா இருக்கும். எந்த வருடம், எந்த மாதம், வளர்பிறையா தேய்பிறையா, எந்தத் திதி, யார், எந்த ஊர் என்று நாலு வரிக்குள் கட்டிவிடுவார்கள். மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல் எல்லாம் அதன் பிறகுதான். புலம்பலை எழுதியவர் பெரும்பாலும் ஊர்ப் புலவர். மனைவியின் குரலில் அவர் எழுதினார். அதில் மிகை இருக்கும், எல்லோருக்கும் தெரியும். ஆனால் திதி வெண்பாவில் மிகைக்கு இடம் இல்லை. திதி பிழைத்தால் திவசம் பிழைக்கும்.

அந்த ஒழுங்கை நான் விரும்புகிறேன். முதலில் நாள், இடம், ஆள். உணர்ச்சி அதற்குப் பிறகு. முகநூல் வரிகளில் புலம்பல் மட்டும் இருக்கிறது, திதி வெண்பா இல்லை. முகநூல் தானே திகதி காட்டுகிறதே என்று கேட்கலாம். அது காட்டுவது பதிவேற்றிய திகதி. படம் எடுத்த திகதி வேறாக இருக்கலாம். மின்வெட்டும் சிக்னல் இல்லாமையும் சேர்ந்து அன்றைய நாட்களில் பலர் படத்தை அடுத்த நாள்தான் ஏற்றினார்கள். வட்ஸ்அப் வழியாக வந்த படமென்றால் இன்னும் கவனம் வேண்டும். கோப்பின் பெயர் `IMG-20220622-WA0007.jpg` என்று இருந்தால், அந்த 20220622 உங்கள் கைபேசிக்கு அது வந்து சேர்ந்த நாள், எடுத்த நாள் அல்ல. எடுத்த நேரமும் இடமும் கொண்ட உள்விபரம் வட்ஸ்அப்பில் அனுப்பும்போதே கழன்றுவிடும். மூலப் படம் யாருடைய கைபேசியில் இருக்கிறதோ அவரைக் கேட்டால்தான் சரியான நாள் தெரியும். மன்னாரில் எடுத்த வரிசைப் படம் ஒன்று சுன்னாகத்து வரிசையாகச் சுற்றுவது இப்படித்தான் நடக்கும். செட்டின் பெயர்ப்பலகை, வாகன இலக்கம், பின்னால் தெரியும் கடைப் பெயர் இவற்றைப் பெரிதாக்கிப் பார்த்தால் பெரும்பாலும் ஊரைப் பிடித்துவிடலாம்.

ஒரு வேறுபாட்டையும் சொல்ல வேண்டும். ஆட்டைத் திவசம் திதியில் வரும். சந்திர வருடம் 354 நாள் என்பதால் அது ஆங்கிலத் திகதிக்குப் பதினொரு நாள் அளவு முந்தும், இடையில் அதிகமாதம் விழுந்தால் பத்தொன்பது நாள் அளவு பிந்தும். குடும்பம் திவசத்தை முடித்துச் சோறு போட்டு ஒருவாறு ஆறியிருக்கும்போது, கைபேசி தன் பாட்டில் ஆங்கிலத் திகதியில் அந்த ஆளின் சிரித்த முகத்தைக் கொண்டுவந்து நீட்டும். திவசத்துக்கு மனம் ஆயத்தமாக இருக்கும். ஐயருக்குச் சொல்லி, மரக்கறி வாங்கி, சொந்தக்காரரை அழைத்து அந்த நாளுக்குள் நடந்து போகிறோம். முகநூல் காலையில் தேத்தண்ணி குடிக்கும்போது கேட்காமல் வருகிறது.

இந்தக் கேட்காமல் வரும் வருகை உலகம் முழுக்கப் பேசப்பட்ட விடயம். 2014 டிசம்பரில் முகநூல் "இந்த ஆண்டு உங்களுக்கு எப்படி இருந்தது" என்ற தொகுப்பைக் காட்டியபோது, அமெரிக்க இணைய வடிவமைப்பாளர் எரிக் மேயருக்கு அந்த ஆண்டு இறந்துபோன அவரது சின்ன மகளின் படத்தைச் சுற்றி ஆட்டம்பாட்டச் சித்திரங்கள் போட்டுக் காட்டியது. அவர் அதைப் பற்றி எழுதினார். நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. "இதே நாளில்" என்ற வசதி 2015 மார்ச்சில் வந்தது, 2018 ஜூனில் "நினைவுகள்" என்று விரிவாகியது. இப்போது அதன் அமைப்பில் குறிப்பிட்ட ஆட்களையும் குறிப்பிட்ட திகதிகளையும் காட்டாதே என்று சொல்லிவைக்கலாம். நம்மில் பலர் இந்த வசதி இருப்பதே தெரியாமல் ஒவ்வொரு வருடமும் இடிபடுகிறோம். நினைவு முதலில் உங்களுக்கு மட்டும்தான் தெரியும், நீங்கள் பகிர்ந்தால்தான் மற்றவருக்குப் போகும் என்பதையும் தெரிந்து வைத்தால் அவசரப்பட்டு எழுதத் தேவையில்லை. பின்னேரமும் எழுதலாம், எழுதாமலும் விடலாம்.

எந்த "அன்று"?

அதே வரிசைப் படத்தை அப்பாவிடம் காட்டிப் பாருங்கள். அவருக்கு 2022 "அன்று" அல்ல. 1990இல் சண்டை திரும்பத் தொடங்கியபின் குடாநாட்டுக்கு விழுந்த பொருளாதாரத் தடைதான் அவருடைய "அன்று". பெற்றோல் கிடையாது. மோட்டார் சைக்கிளைச் சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் செய்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். புகை கண்ணைக் கரிக்கும். ஜாம் போத்தல் விளக்கில் பரீட்சைக்குப் படித்தார்கள். பற்றரி இல்லாததால் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டார்கள். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்தைவிட்டு வெளியேறியவர்களில் பலரிடம் அந்த நாட்களின் ஒரு படம்கூட மிஞ்சவில்லை. அப்பாவுக்கு ஒருவரும் ஒரு வருடம் கழித்துப் படம் எடுத்து நீட்டப்போவதில்லை.

2022 வரிசையில் நின்ற பெரியவர்கள் "இதெல்லாம் ஒரு கஷ்டமே" என்று கதைத்ததைக் கேட்டிருப்பீர்கள். பெடியள் எரிச்சல்பட்டார்கள். இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. அப்பாவின் காலத்தில் லீசிங் இல்லை. நம் ஓட்டோக்காரருக்கு ஓட்டோ நின்றாலும் தவணை நிற்காது. அப்பாவின் கஷ்டத்துக்கு எதிரி யார் என்று தெரிந்தது. இவருடையதற்கு யாரைப் பேசுவது என்று இவருக்கு அவ்வளவு தெளிவில்லை. இந்த ஒப்பீட்டை எழுதலாம், ஆனால் தனிப் பதிவாக. ஒரு வருடத்து இடைவெளிக்கு எழுதும் வரியில் முப்பது வருடத்தை ஏற்றினால் அந்த ஒரு வருடம் நசிந்துபோகும்.

படத்தில் இருக்கும் மற்றவர்களைப் பற்றியும் சுருக்கமாக. அந்த ஒரு வருடத்துக்குள் நிறையப்பேர் வெளிநாடு போய்விட்டார்கள். சிலர் போன வழியைச் சொல்ல முடியாத நிலையில், வழக்கு முடியக் காத்திருக்கிறார்கள். "அன்று என்னோடு கியூவில், இன்று அவன் இன்ன நாட்டில்" என்று பெயரோடு எழுதுவது உங்களுக்குப் பாசம், அவருக்குச் சிக்கல். முதலில் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். வரிசையில் நித்திரை கொண்ட ஆளின் முகத்தையும் அப்படியே. அன்றைக்கு அது பகிடி. இன்று அவர் பிள்ளையின் பள்ளிக்கூடத்துக் கூட்டாளிகள் பார்ப்பார்கள்.

திருத்தி எழுதினால்

நம் ஓட்டோக்காரருக்குத் திரும்ப வருவோம். பழைய பதிவையும் கருத்துகளையும் வாசித்தாயிற்று. மனைவியிடம் அன்று பின்னேரம் என்ன கதைத்தோம் என்று கேட்டாயிற்று. செட்டின் ரசீது இல்லை, ஆனால் விலை தெரியும். இப்போது அவர் இப்படி எழுதலாம்:

"2022 ஜூன் 22, புதன், வரிசையில ரெண்டாம் நாள். பெற்றோல் 420. அதுக்கு ஆறு மாசம் முந்தி 177. சிரிச்சுக்கொண்டு நிக்கிறம் எண்டு போட்டனான், உண்மைதான், சிரிச்சனாங்கள். இரவு வீட்டை எடுத்து இந்த மாசம் தவணை கட்டேலாது எண்டு சொன்னதும் நான்தான். பணிஸ் தந்த அண்ணையின்ரை பேர் இன்னும் தெரியாது. இண்டைக்கு 318, வரிசை இல்லை, கியூ.ஆர். இருக்கு. லீசிங் முடியேல்லை."

இதில் முன்னேறிவிட்டேன் என்ற அறிவிப்பு இல்லை. அன்றைய ஆளும் இன்றைய ஆளும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள், யார் மேல் என்று அவர் தீர்ப்புச் சொல்லவில்லை. பகிடி விட்டவரும் தவணைக்குப் பயந்தவரும் ஒரே ஆள் என்று ஒத்துக்கொள்கிறார். "இண்டைக்கு" என்ற பகுதியில் நல்லதும் இருக்கிறது, தீராததும் இருக்கிறது. நீளம் கூடிவிட்டதே என்பார்கள். கூடட்டும். முகநூலில் இடத்துக்குக் காசு இல்லை.

இந்த வரியிலும் ஒரு குறை உண்டு, அதை மறைக்கத் தேவையில்லை. இரவு போனில் சொன்னது என்ன என்பது மனைவியின் ஞாபகம். அவருடைய ஞாபகமும் ஒரு வருடம் பழையது. அன்றைய செய்தி கைபேசியில் இருந்தால் அதை வைத்து எழுதலாம். இல்லையென்றால் "மனிசி சொல்லுறா" என்று சேர்த்துவிட்டால் நேர்மையாக இருக்கும்.

கியூ.ஆர். முறை 2023 செப்டெம்பர் 1ஆம் திகதி நிறுத்தப்பட்டது. அந்தப் படங்கள் வருடாவருடம் ஜூனில் இன்னும் மேலே வரும், கணக்கு இருக்கும் மட்டும். கணக்குப் பூட்டுப்பட்டால், கடவுச்சொல் மறந்தால், கைபேசி தொலைந்தால் அவையும் போய்விடும். நூலகம் நிறுவனம் 2005 முதல் நம் கல்வெட்டுகளையும் நினைவு மலர்களையும் வருடி இணையத்தில் சேர்த்து வருகிறது. திதி வெண்பா தலைப்பில் இருப்பதால் எந்த ஆள், எந்த ஊர், எந்த நாள் என்று அவற்றில் தேட முடிகிறது. பெற்றோல் வரிசைப் படங்களுக்கு அப்படி ஒரு தொகுப்பை நான் காணவில்லை. ஆகவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை அந்தப் படம் மேலே வரும்போது பகிர்கிறீர்களோ இல்லையோ, முகநூல் அமைப்பில் உள்ள தகவல் தரவிறக்க வசதியால் அதை ஒரு பிரதி எடுத்து வையுங்கள். படத்தோடு செட் இருந்த ஊர், எடுத்த நாள், நின்ற மணி நேரம், கிடைத்த லீற்றர், கொடுத்த விலை ஆகிய ஐந்தையும் எழுதி வையுங்கள். மற்றதை எழுத இன்னும் எத்தனையோ ஜூன் வரும்.